மரகதம் அக்கா வீட்டு எக்கோ

மரகதம் அக்காவுக்குக் காது கேட்காது என்று எங்கள் சந்தில் சொல்வார்கள். அது தப்பு. காதுக்குப் பின்னால் மெஷின் மாட்டினால் கேட்கும். மாட்டாவிட்டாலும் அவளுக்கு வேண்டாதது மட்டும் நன்றாகக் கேட்கும் என்பது என் சந்தேகம்.

பதினேழு வயதிலிருந்து பெங்களூர் அடுகோடியில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டுகிறாள். தகட்டை நீட்டி, காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரு வாஷரை வெட்டித் தள்ளும். டங். அடுத்த தகடு. டங். பத்தொன்பது வருஷமாக அந்த டங்தான் வேலை. அந்தப் பட்டறையில் பத்து விரலும் முழுசாக இருப்பவர்கள் மூன்று பேர், அதில் அக்கா ஒருத்தி. விரலைக் காப்பாற்றிக்கொண்டாள், காதைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை. அங்கே யாரும் அதைச் சொல்லித்தரவும் இல்லை. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் இரண்டு தடவை கேட்ட கேள்விக்கு மூன்றாவது தடவைதான் பதில் சொன்னாளாம். அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

நான் கீழ் வீட்டுப் பெண். பேர் பிரபா. பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் அதைத் தேடிப் போகவில்லை. சிவாஜிநகரில் மொபைல் சாமான் விற்கும் கடையில் நிற்கிறேன். சந்தில் எதாவது காணாமல் போனாலோ, யார் வீட்டு காலிங் பெல்லாவது தானாக அடித்தாலோ முதலில் என் பேர்தான் வரும். பெரும்பாலும் சரியாகத்தான் வரும்.

அக்காவுக்கு ஒரே தம்பி, கவின். பதினோரு வயசு இளையவன். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது. அப்புறம் அவனை வளர்த்தது அந்தப் பெடல்தான். படித்து முடித்து முதல் வேலையில் சேர்ந்ததும் கவின் ஒரு வீடியோ கேம் கன்சோல் வாங்கி டீவியில் மாட்டினான். அக்காவும் நானும் அவனும் மாறி மாறி விளையாடுவோம். சுடுகிற விளையாட்டு, மூன்று பேர் ஒரு அணி. மூன்றே வாரத்தில் அக்கா எங்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டாள். அச்சு இறங்குவதற்குள் கையை இழுத்துக்கொள்கிறவளுக்கு இதெல்லாம் என்ன பெரிய விஷயம். எதிரி வரும் காலடிச் சத்தம் எங்களுக்குக் கேட்கும், ஆனால் புல் அசைவது அவளுக்கு எங்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

பிறகு கவினுக்கு ஹைதராபாத்தில் பெரிய வேலை கிடைத்தது. பழைய கன்சோலை அக்காவிடம் விட்டுவிட்டு அங்கே புதிதாக வாங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை பார்ட்டி சாட்டில் சந்திப்பது என்று ஏற்பாடு. ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் பார்ட்டியில் சேர்ந்துவிட்டால் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது மாதிரிதான். அவனோடு வேலை பார்க்கும் அர்ஜுனன் என்பவனும் சேர்ந்துகொள்வான். போனில் கவின் அக்காவோடு ரெண்டு நிமிஷத்துக்கு மேல் பேசியதில்லை. “சாப்டியா, சாப்டேன், வெச்சுடறேன்.” பார்ட்டியில் இரண்டு மணி நேரம் கிடைத்தது. வாரம் முழுக்க அக்கா அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் பெடல் மிதித்தாள் என்று நான் எழுதினால் அவள் என்னை அடிப்பாள். அதனால் எழுதவில்லை.

தொல்லை என்னவென்றால் எக்கோ.

அக்கா டீவி ஸ்பீக்கரில்தான் எல்லாவற்றையும் கேட்பாள், அதுவும் முழு வால்யூமில். மைக், கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கிறது, அவள் மடியில். கவின் ஹைதராபாத்தில் பேசினால் அவன் குரல் இங்கே டீவியில் வரும். வந்த குரலை இந்த மைக் பிடித்து மறுபடி அவனுக்கே அனுப்பிவிடும். தான் சொன்னதையே அரை நொடி கழித்து அவன் கேட்டாக வேண்டும். அர்ஜுனனுக்கும் அதே கதி. இரண்டு பேரும் பாதி வாக்கியத்தில் தடுக்கி விழுவார்கள்.

“அக்கா, எக்கோ வருது.”

“என்ன வருது?”

“எக்கோ. நான் பேசறது எனக்கே திரும்பி வருது.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே தம்பி. உன் பக்கம் ஏதாவது இருக்கும், பாரு.”

இதுதான் இதில் உள்ள கொடுமை. யார் வீட்டிலிருந்து எக்கோ கிளம்புகிறதோ அவர்களுக்கு மட்டும் அது கேட்கவே கேட்காது. அக்கா அவன் கன்சோல் ரிப்பேர் என்று நம்பினாள். ஒன்பது மாதம் இப்படியே ஓடியது.

பத்தாவது மாதம் நான் கை வைத்தேன்.

ஒரு விளையாட்டுக்காகத்தான். போனிலிருந்தும் அந்தப் பார்ட்டிக்குள் போகலாம். நான் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு டீவி அலமாரிக்குப் பக்கத்தில் குந்தி, குரலை மாற்றி, “கவின், உன் மேனேஜர் பேசறேன்” என்று சொல்வதாகத் திட்டம். பாதி பேரைக்கூடச் சொல்லவில்லை. முதலில் ஒரு ஹூம். அது வளர்ந்து ஊ என்றாகி, விசிலாகி, டீவியே கிழிந்துவிடும் போல ஒரு கூச்சல். டீவிச் சத்தத்தை என் போன் பிடித்துப் பார்ட்டிக்கு அனுப்ப, பார்ட்டி அதை மறுபடி டீவிக்குக் கொடுக்க, அதை மறுபடி போன் பிடிக்க, ஒவ்வொரு சுற்றுக்கும் சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஒரு வீட்டில் ஸ்பீக்கர் திறந்திருந்தால் எக்கோவோடு போகும். ஒரே அறையில் இரண்டு மைக்கும் இரண்டு ஸ்பீக்கரும் திறந்திருந்தால் இதுதான் நடக்கும். எனக்கு அப்போது தெரியாது. போனை அணைக்கவே எனக்கு அஞ்சாறு நொடி ஆனது.

அந்தப் பக்கம் இரண்டு பேரும் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கவினின் குரல் வந்தது.

“அக்கா. இனிமே நீ மியூட்லயே இரு. நாங்க பேசறதைக் கேளு, விளையாடு. பேசாதே.”

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. கன்ட்ரோலரின் நடுவில் உள்ள சின்னப் பட்டனை அழுத்தினாள். அது ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. அந்த விளக்கு எரிந்தால் மைக் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் கடையிலிருந்து கவினுக்கு போன் போட்டேன்.

“அண்ணா, நேத்து அது நான் பண்ணது. அக்கா மேல தப்பு இல்ல.”

“தெரியும். வேற எவ பண்ணுவா,” என்றான். “நீ பண்ணது ஒரு நாளு பிரபா. எக்கோ ஒன்பது மாசமா இருக்கு. எவ்ளோ நாள் சொல்லியிருக்கேன், கேக்கறாளா? எனக்குத் தலைவலி வருது.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்று ஞாயிறு அக்கா ஆரஞ்சு விளக்கோடு விளையாடினாள். நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பிரஸ் ரிப்பேர் என்று அக்கா வீட்டில் இருந்தாள், நான் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மேலே போனேன்.

“அக்கா, இதைச் சரி பண்ணலாம்.”

“அவன் பக்கம் ரிப்பேரு. நான் என்ன பண்றது.”

“உன் பக்கம்தான்.”

“எனக்குக் கேக்கலைடி.”

வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்தது. என் போனில் பார்ட்டியைத் திறந்து, ஸ்பீக்கரை அணைத்து, அவள் கையில் கொடுத்து, “சந்து முனை வரைக்கும் போ. காது மெஷின் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பேசு” என்று அனுப்பினேன். கன்சோலை அவள் வைக்கிற மாதிரியே வைத்தேன், முழு வால்யூமில், மைக்கைத் திறந்து. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

டீவியில் அக்காவின் குரல் வெடித்தது. “கவினு. கவினு, சாப்டியா.” பிறகு நின்றுவிட்டது. நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். சந்து முனையில் போனைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

மேலே வந்ததும் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“என் குரல் அப்படியா இருக்கும்?”

“எப்படி?”

“சண்டைக்குப் போற மாதிரி.”

காது மந்தமானவர்கள் சத்தமாகப் பேசுவார்கள் அக்கா, அவர்களுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “போன்ல எல்லாருக்கும் அப்படித்தான் கேக்கும்” என்றேன்.

“ஒன்பது மாசம் இதைக் கேட்டுட்டா இருந்தான்,” என்றாள். “புள்ள பாவம். நான் அவனையே திட்டிட்டிருந்தேன்.”

அதற்குப் பிறகு இரண்டரை வாரம் எங்களுக்கு வேறு வேலையே இல்லை.

எல்லாரும் செய்வது ஹெட்செட் மாட்டுவது. குரல் காதுக்குள்ளேயே நின்றுவிடும், மைக்குக்குப் போக வழி இல்லை. கடையிலிருந்து ஒன்று கொண்டுவந்து அக்காவுக்கு மாட்டினேன். காதை மூடியதும் காது மெஷின் வீல் என்று கத்தியது. மெஷினைக் கழற்றிவிட்டு ஹெட்செட்டை மட்டும் மாட்டினால், “தண்ணிக்குள்ள யாரோ பேசற மாதிரி இருக்கு” என்றாள். ஹெட்செட் அவளுக்கு ஆகாது. ஸ்பீக்கர்தான்.

அடுத்தது பட்டன். பேசும்போது மட்டும் மைக்கைத் திற, பேசி முடித்ததும் மூடு. இது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த விளையாட்டில் இரண்டு கட்டை விரலுக்கும் ஓய்வே கிடையாது. அர்ஜுனனை முதுகில் சுடப் போகிறார்கள் என்று எச்சரிக்க வேண்டிய நேரத்தில் மைக்கை மூடி வைத்துக் கத்துவாள். அவன் செத்த பிறகு பட்டனைத் திறந்து, “இந்தக் கழுதை பிரபா சொன்னாளேன்னு கேட்டேன் பாரு” என்பாள். அது மட்டும் ஹைதராபாத் வரைக்கும் தெளிவாகப் போய்ச் சேரும்.

“மியூட்ல இருன்னு சொன்னேன்ல” என்றான் கவின்.

கடை முதலாளி நாணு அண்ணனிடம் கேட்டேன். அவர் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகப் பேசுவார், முழுசாக எதையும் சொல்லமாட்டார். “ஏனம்மா, ஸ்பீக்கர் தூரத்துல, மைக் ஸ்பீக்கர் எதுருல. எக்கோ வராம என்ன வரும்? மைக்கை வாய்கிட்ட கொண்டுபோ. ஸ்பீக்கரை காதுகிட்ட கொண்டுபோ. ரெண்டு சத்தத்தையும் கம்மி பண்ணு. அஷ்டே.”

அஷ்டே என்றால் அவ்வளவுதான். அவ்வளவுதானுக்கு எனக்குப் பதினொரு நாள் ஆனது.

கன்ட்ரோலரில் ஹெட்செட் செருகும் ஓட்டை ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு கால் உள்ள ஒரு வயரைச் செருகினேன். ஒரு கால் மைக்குக்கு, ஒரு கால் காதுக்கு. காதுக்கான காலில் ஹெட்செட்டுக்குப் பதிலாக பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினேன். செட்டிங்ஸில் பேச்சு மட்டும் அந்தப் பக்கம் போகட்டும், துப்பாக்கிச் சத்தம் டீவியிலேயே கிடக்கட்டும் என்று பிரித்துவிட்டேன். இப்போது கவினின் குரல் அறை முழுக்கச் சுற்றவில்லை. அக்காவுக்கு ஒரு கை தூரத்தில், புத்தர் படத்துக்குக் கீழே உள்ள பலகையிலிருந்து மட்டும் வந்தது. அருகில் இருப்பதால் வால்யூமைப் பாதியாகக் குறைத்தாலும் அவளுக்குக் கேட்டது.

மைக்குக்குச் சட்டையில் குத்துகிற காலர் மைக்கைப் போட்டேன். எக்கோ குறைந்ததே தவிரப் போகவில்லை. அந்த மைக் நாலு பக்கமும் ஒரே மாதிரிக் கேட்கும், ஸ்பீக்கரா வாயா என்று அதற்குக் கவலை இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கிற மைக் ஒன்றைக் கொண்டுவந்தேன், ரீல்ஸ் எடுப்பவர்கள் வாங்குவது. உடைந்த டேபிள் லேம்பின் வளைகிற கம்பியில் கட்டி, அக்காவின் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்தினேன். முகம் அவளைப் பார்த்து, முதுகு ஸ்பீக்கரைப் பார்த்து. வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் செட்டிங்ஸில் மைக்கின் அளவையும் இறக்கினேன். அக்கா தலைக்குப் பின்னால் வெறும் சுவர். அதில் பட்டுத் திரும்பும் சத்தம் மைக்கின் முகத்துக்கே வரும். அங்கே ஒரு கம்பளியைத் தொங்கவிட்டேன்.

“பைத்தியக்காரி வீடு மாதிரி ஆக்கிட்டே,” என்றாள் அக்கா.

“நீ கத்தாம பேசினா போதும். மைக் வாய்கிட்டயே இருக்கு.”

“நான் எங்கடி கத்தறேன்,” என்று கத்தினாள்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். பார்ட்டி பட்டியலில் ஒவ்வொருவர் பேருக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன ஸ்பீக்கர் படம் உண்டு. யாருடைய மைக்கிலிருந்து சத்தம் போகிறதோ அவர்கள் பேருக்குப் பக்கத்தில் அது மின்னும். அக்கா வாயைத் திறக்காமல் இருக்கும்போது, அடுத்தவன் பேசப் பேச அவள் பேருக்குப் பக்கத்திலும் மின்னினால் அவன் குரல் இங்கிருந்து திரும்பிப் போகிறது என்று அர்த்தம். அவளால் காதால் கண்டுபிடிக்க முடியாததைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

“கண்ணுதான் எனக்கு நல்லா இருக்கு,” என்றாள்.

சனிக்கிழமை பட்டறைக்கு அரை நாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்பக்கம் நின்று, இயர்போன் மாட்டிக்கொண்டு, பார்ட்டிக்குள் போனேன். அக்காவை வீட்டில் விளையாட்டை ஓடவிட்டுக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தேன். “ஒண்ணு” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. கத்திப் பார்த்தேன். ஒரு பாட்டியம்மா போலப் பேசிப் பார்த்தேன், ஆட்டோ ஹாரன் அடித்துப் பார்த்தேன். என் சத்தம் எதுவும் என்னிடம் திரும்பவில்லை. வந்தது அக்காவின் குரல் மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல, மெதுவாக.

“பிரபா, உன் மூஞ்சி. நீ கத்தினப்போ என் பேர் மின்னவே இல்ல.”

அப்படி ஒரு சந்தோஷம் வந்தது எனக்கு. யாரும் பார்க்கவில்லை என்பதால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மூன்று மணி. அக்கா தலைக்குக் குளித்து, பட்டறைக்குப் போடாத சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். பார்ட்டியில் யாரும் யாரையும் பார்க்கப் போவதில்லை என்று நான் சொல்லவில்லை. என் போனை அணைத்துக் கீழே வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தேன். ஆரஞ்சு விளக்கை அணைத்தாள்.

“தம்பி. கேக்குதா?”

“ஏய், யாரு? அக்காவா?” அர்ஜுனன்தான் முதலில் பேசினான். “என்ன அக்கா இவ்ளோ கிளீயரா இருக்கு. ஸ்டூடியோ எதாவது வாங்கிட்டீங்களா?”

“கீழ் வீட்டுப் பொண்ணு பண்ணிக்கொடுத்தா.”

“சூப்பர் அக்கா. எக்கோவே இல்ல.”

கவின், “ம்ம். நல்லா இருக்கு” என்றான். அவன் பேசும்போது நான் பட்டியலைத்தான் பார்த்தேன். அக்காவின் பேர் இருட்டாகவே இருந்தது. அக்காவும் அதைத்தான் பார்த்தாள். என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டாவதிலும் அக்கா இரண்டு தடவை அர்ஜுனனைச் சாவிலிருந்து தூக்கிவிட்டாள். பேச்சு நன்றாக ஓடியது. அங்கே மழையா, இங்கே மழையா, மெஸ் சாப்பாடு எப்படி. அர்ஜுனன் சேலத்துக்காரன். யாரிடம் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் ஊர், வேலை எல்லாம் விசாரிப்பான்.

“அக்கா, உங்களுக்கு எப்படி இந்தக் கை வேகம்? நாங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்லயே கிடக்கறோம், எங்களுக்கு வரலையே.”

“பழக்கம்தான் தம்பி.”

“கவின் சொன்னான், நீங்க ஏதோ பெரிய கம்பெனில குவாலிட்டி சைடு சூப்பர்வைசர்னு. ஆபீஸ் வேலைல கை எப்படி இப்படி ஓடுது?”

அக்கா சிரித்தாள். அவளுக்கு உடனே புரியவில்லை. “சூப்பர்வைசரா? யாரு சொன்னது? நான் பட்டறையில பிரஸ் ஓட்டறேன்பா. வாஷர் அடிக்கற…”

“அக்கா, எக்கோ வருது.”

கவின்தான். அக்கா நிறுத்தினாள்.

“எக்கோ வருது அக்கா. ரொம்ப வருது. மியூட் பண்ணு.”

“எக்கோவா?” என்றான் அர்ஜுனன். “இல்லையே மச்சா. எனக்குக் கிளீயரா இருக்கு.”

“எனக்கு வருது.”

“நான் பேசறது எனக்கு வரலையே. ஹலோ, ஹலோ. இல்லடா.”

“அர்ஜுன், எனக்கு வருதுன்னு சொல்றேன்ல.”

கவின் பேசப் பேச அவன் பேருக்குப் பக்கத்தில் மட்டும் மின்னியது. அர்ஜுனன் பேசும்போது அர்ஜுனனுக்கு. அக்காவின் பேர் இருட்டாக இருந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடி அக்கா கண்ணால் பார்த்தாள். ஒரு தடவை இல்லை, அவன் நாலு வாக்கியம் பேசி முடிக்கும் வரை பார்த்தாள்.

எனக்கு மைக்கைப் பிடுங்கி, “டேய் கவின், ஒரு எக்கோவும் இல்ல, பட்டியலைப் பாருடா” என்று கத்தவேண்டும் போல இருந்தது. எழுந்தே விட்டேன். அக்கா திரும்பாமலே ஒரு கையைத் தாழ்த்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷம் தகடு பிடித்த கை, பிடித்தால் விடுவிக்க முடியாது.

மைக்கின் பக்கம் குனிந்தாள். கத்தவில்லை. நான் சொல்லிக்கொடுத்த அளவிலேயே பேசினாள்.

“ஆமா தம்பி. இங்க ஏதோ வயரு லூசா இருக்கு. அர்ஜுனா, உனக்குக் கேக்கலைன்னாலும் அவனுக்குக் கேக்கும். அந்தப் பொண்ணு பண்ணது, சரியா பண்ணலை போல. நான் மியூட் பண்ணிக்கறேன்.”

பட்டனை அழுத்தினாள். ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

“சரியா பண்ணலையா?” என்றேன்.

“சும்மா இரு.”

“அக்கா, அவன் பொய்…”

“எனக்குக் கண்ணு தெரியும்டி.”

ஸ்பீக்கரில் கவின், “ஃபேக்டரின்னா பெரிய ஃபேக்டரிடா, எக்ஸ்போர்ட்டு. அவ ஃப்ளோர்ல இறங்கியும் பாப்பா, அதைச் சொல்றா” என்று அர்ஜுனனிடம் விளக்கிக்கொண்டிருந்தான். அர்ஜுனன், “ஓ, ஓகே ஓகே” என்றான். அந்தக் குரல் ஒரு கை தூரத்தில், தெளிவாக, ஒரு எழுத்துக்கூட விடாமல் அக்காவுக்குக் கேட்டது. அப்படிக் கேட்கவேண்டும் என்றுதான் நான் அந்த ஸ்பீக்கரை அங்கே வைத்திருந்தேன்.

மூன்றாவது ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். அக்கா எழுந்து போகவில்லை. விளையாடினாள்.

ஐந்து மணிக்கு எல்லாரும் போன பிறகு கம்பியிலிருந்து மைக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி, ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினாள். “கடையில வேற யாருக்காவது ஆகும். எடுத்துட்டுப் போ.” நான் வாங்கவில்லை. ஸ்பீக்கரை மட்டும் வைத்துக்கொண்டாள், கவின் பேசுவது அதில் நன்றாகக் கேட்கிறது என்று.

செவ்வாய்க்கிழமை நான் அவளுக்குத் தெரியாமல் கவினுக்கு போன் போட்டேன். எடுத்தான். எக்கோ நிஜமாகவே வந்ததா என்று மட்டும் கேட்டேன். “பிரபா, உனக்கு இதெல்லாம் புரியாது” என்றான். எனக்குப் புரிந்தது. அவன் கெட்டவன் இல்லை. ஒன்பது மாதம் அவனுக்கு வந்தது நிஜமான எக்கோ, நிஜமான தலைவலி. அதற்குள் அது அக்காவைப் பேசவிடாமல் வைக்க அவனுக்கு வசதியாகவும் போய்விட்டது. நான் அதைப் பிடுங்கிவிட்டேன், அவன் தானே ஒன்றைச் செய்துகொண்டான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அக்கா உட்காருகிறாள். நான் சில சமயம் போய்த் தரையில் உட்கார்ந்துகொள்வேன், எந்தக் குறும்பும் செய்யாமல். கவினும் அர்ஜுனனும் பேசுவார்கள். அக்கா கேட்டுக்கொண்டே புல் அசைவதைப் பார்ப்பாள்.

“பின்னாடி யாரு பாத்துக்கறீங்க?” என்று கேட்பான் கவின்.

“நான் இருக்கேன் தம்பி, நீ போ,” என்பாள் அக்கா. ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அறையில் இருக்கும் என்னைத் தவிர வேறு யாருக்கும் அவள் சொன்னது கேட்காது. அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடுவான். அவள் அவனுக்குப் பின்னாலேயே போவாள்.